‘பிசிகல் டேமேஜ்’ என்று கை விரித்தால்…

டி.வி. திரையில் ஒரு நாள் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுகிறது. காசு கொடுத்து வாங்கிய கூடுதல் வாரண்டி இன்னும் முடியவில்லை என்ற தெம்பில் புகார் பதிவு செய்கிறோம். டெக்னீஷியன் வருகிறார், செல்போனில் இரண்டு படம் எடுக்கிறார், போய்விடுகிறார். சில நாளில் ஒரு குறுஞ்செய்தி: ‘பிசிகல் டேமேஜ் என்பதால் உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை.’

பலர் இதைப் படித்துவிட்டு, ‘நம்ம தலையெழுத்து’ என்று புதுப் பேனலுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தி ஒரு குற்றச்சாட்டு. பொருள் தானாகக் கெடவில்லை, நீங்கள் உடைத்தீர்கள் என்று நிறுவனம் சொல்கிறது. சொன்னால் தடயம் காட்ட வேண்டும். அடிபட்ட பேனலில் ஒருவகைத் தடயம் இருக்கும். உள்ளே இணைப்பு விட்டுப்போன பேனலில் வேறுவகைத் தடயம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனின் அறிக்கையும், வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த காகிதங்களும் கையில் இருந்தால் இந்த மறுப்பை எதிர்த்து நிற்க முடியும்.

விளக்கத்துக்காக தஞ்சாவூரில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். தேதியும் தொகையும் எடுத்துக்காட்டுதான். 55 அங்குல டி.வி.யை 2021 அக்டோபர் 18-இல் ₹58,000-க்கு வாங்கினார்கள். கம்பெனி வாரண்டி ஓராண்டு. அதே பில்லில் ₹4,350 கட்டி இரண்டாண்டு கூடுதல் வாரண்டியும் எடுத்தார்கள். ஆக, 2024 அக்டோபர் 17 வரை பாதுகாப்பு உண்டு. 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திரையின் வலப்பக்கம் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அன்றே புகார் பதிந்தார்கள். 12-ஆம் தேதி டெக்னீஷியன் வந்தபோது கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சில கோடுகள் சேர்ந்திருந்தன. 16-ஆம் தேதி மறுப்பு வந்தது. பேனல் மாற்ற ₹36,000 ஆகும் என்றார்கள்.

முதல் தவறு நடக்கும் இடம்: ஜாப் ஷீட்

வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் கிளம்பும்முன் ஜாப் ஷீட்டை நீட்டுவார், அல்லது தன் போனில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்வார். “ஒண்ணுமில்லம்மா, நான் வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து” என்பார். அந்தத் தாளில் ஆங்கிலத்தில் ‘பிசிகல் டேமேஜ்’ என்று எழுதியிருக்கக்கூடும். படிக்காமல் போட்ட கையெழுத்தைப் பிறகு, ‘வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார்’ என்று காட்டுவார்கள்.

ஆகவே படித்துப் பாருங்கள். சேதம் என்று எழுதியிருந்தால், “எங்கே சேதம், காட்டுங்கள்” என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தை நீங்களும் படம் எடுங்கள். காட்டவில்லை என்றால், கையெழுத்துக்கு மேலே ‘சேதம் எதுவும் காட்டப்படவில்லை, இந்தக் குறிப்பை ஏற்கவில்லை’ என்று தமிழிலேயே எழுதித் தேதி போடுங்கள். போனில் கையெழுத்துக் கேட்டால், அன்றே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தஞ்சாவூர் வீட்டில் அந்த அம்மா செய்தது இதைத்தான். ஜாப் ஷீட்டில் ‘பேனல் டேமேஜ்’ என்ற இரண்டு சொல் மட்டுமே இருந்தது. எந்த இடம், என்ன மாதிரி சேதம் என்று எதுவும் இல்லை. பின்னால் அவருக்கு மிகவும் கைகொடுத்தது அந்த வெற்றிடம்தான்.

திரை என்ன சொல்கிறது?

டி.வி. பேனல் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்தது. 4கே திரையில் அகலவாக்கில் 3,840 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. ஆக 11,520 செங்குத்து வரிசைகள். தறியில் பாவு நூல் ஓடுவதைப்போல இவை மேலிருந்து கீழாக ஓடுகின்றன. ஒரு வரிசைக்கு மின்சைகை நின்றால், திரையின் முழு உயரத்துக்கும் ஒரு நேர்கோடு தெரியும்.

அந்தச் சைகைகளைக் கண்ணாடிக்குள் கொண்டுபோவது பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நாடா போன்ற மெல்லிய பிலிம்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். சர்வீஸ்காரர்கள் இதை ‘சி.ஓ.எஃப்.’ என்பார்கள். ஒரு பேனலில் இப்படி 12 பிலிம்கள் இருந்தால், ஒவ்வொன்றும் 960 வரிசைகளைக் கவனிக்கும். இந்தப் பிலிமைக் கண்ணாடியோடு பிணைப்பது மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பசை. வருடக்கணக்கில் சூடாகியும் ஆறியும் அந்தப் பிணைப்பு சில இடங்களில் விட்டுப்போகும். முதலில் ஒரு கோடு, பிறகு பக்கத்தில் இன்னும் சில, கடைசியில் அந்தப் பிலிம் ஆளும் பட்டை முழுவதும். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். 12 பிலிம் என்றால் ஒரு பட்டை சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கும்.

அடிபட்ட திரை இப்படி நடந்துகொள்வதில்லை. அடி விழுந்த இடத்திலிருந்து விரிசல்கள் சிலந்தி வலைபோலப் பிரியும். மை கொட்டியதுபோலக் கறுப்புத் திட்டு பரவும். செங்குத்துக் கோடுகளோடு படுக்கைக் கோடுகளும் வரும். எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிப் போகும். அதுவும் பெரும்பாலும் அடிபட்ட கணத்திலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘திரையைத் தடவினால் வழவழவென்றுதான் இருக்கிறது, ஆகவே உடையவில்லை’ என்று வாதிடாதீர்கள். கண்ணாடியின் மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். உள்ளே கண்ணாடி விரிந்திருந்தாலும் படலம் கிழியாமல் இருக்கலாம். நிறுவனத்தின் டெக்னீஷியனுக்கு இது தெரியும். உங்கள் வாதம் அங்கேயே சரியும். டி.வி.யை அணைத்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு போட்டுவிட்டு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி நிறப் படங்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் கண்ணாடியின் விளிம்பு. தூக்கும்போது ஓரத்தை அழுத்திப் பிடித்தால் அங்கே சில்லு தெறிக்கும், வெளியிலிருந்து தெரியாது. மற்றொன்று, கீழ் விளிம்பு. துடைக்கும் திரவத்தைத் திரையில் நேராகத் தெளித்தால் அது வழிந்து கீழே இறங்கிப் பிலிம்களை அரிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். இவை இரண்டும் உண்மையிலேயே பயன்படுத்தியவரால் வந்த சேதங்கள். இவை இருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். இல்லை என்றால், ‘இல்லை’ என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

திறக்கும் முன் கடிதம்

விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் பின்மூடியைத் திறக்க வேண்டும். இங்கேதான் இரண்டாவது பள்ளம். ‘அங்கீகாரம் இல்லாதவர் திறந்தால் வாரண்டி செல்லாது’ என்ற விதி ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் உண்டு. அவசரப்பட்டுத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்தால், மறுப்புக்கு இல்லாத காரணத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் நிறுவனம் ஆய்வு செய்து, மறுப்பை எழுத்தில் தரட்டும். அதன்பின், ‘உங்கள் முடிவை ஏற்கவில்லை. இன்ன தேதி, இன்ன நேரத்தில் தகுதியுள்ள டெக்னீஷியனைக் கொண்டு ஆய்வு மட்டும் செய்ய இருக்கிறேன். பழுது நீக்கம் எதுவும் நடக்காது. உங்கள் ஆள் உடனிருக்கலாம்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். அவர்கள் வந்தால் நல்லது. தடயம் இருவர் முன்னால் பார்க்கப்படும். வரவில்லை என்றால், அழைத்தும் வரவில்லை என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சி.

தஞ்சாவூர் வீட்டில் ஆகஸ்ட் 20-இல் இந்த மின்னஞ்சல் போனது. பதில் இல்லை. 28-ஆம் தேதி ஆய்வு நடந்தது. மூடியைக் கழற்றுவதிலிருந்து திரும்ப மாட்டுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தார்கள். முதல் காட்சியே பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பர். எந்த டி.வி.யைத் திறந்தார்கள் என்ற கேள்வியே பிறகு எழக்கூடாது என்பதற்காக.

எடுபடும் அறிக்கை

“பேனல் கம்ப்ளைன்ட், கம்பெனி பால்ட்” என்று பில் புத்தகத்தில் ஒருவரி எழுதித் தந்தால் அது அறிக்கை ஆகாது. அது இன்னொரு கருத்து, அவ்வளவுதான். எடுபடும் அறிக்கை முதலில் பார்த்ததைச் சொல்லும். அதன்பின்தான் முடிவுக்கு வரும். படிப்பவர் தாமே அந்த முடிவுக்கு வந்துசேரும்படி இருக்க வேண்டும்.

தஞ்சாவூர் அறிக்கை இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

“மாடல், சீரியல் நம்பர் பில்லோடு ஒத்துப்போகின்றன. திரையின் வலப்பக்கம் சுமார் 10 செ.மீ. அகலத்துக்குள் செங்குத்துக் கோடுகள் உள்ளன. அனைத்தும் மேல் விளிம்பு முதல் கீழ் விளிம்பு வரை நேராகச் செல்கின்றன. படுக்கைக் கோடு, கறுப்புத் திட்டு, ஒரே புள்ளியிலிருந்து பிரியும் விரிசல் ஆகியவை இல்லை (படம் 1–4). அணைத்த நிலையில் சாய்ந்த வெளிச்சத்தில் கீறலோ குழியோ தெரியவில்லை (படம் 5). சட்டத்தைக் கழற்றி நான்கு விளிம்புகளையும் பார்த்ததில் சில்லு, விரிசல் இல்லை (படம் 6–9). பிலிம்களிலும் போர்டுகளிலும் ஈரக்கறை, அரிப்பு, கருகல் இல்லை (படம் 10–12). கோடு தெரியும் பகுதிக்கு நேரான பிலிமின் பிணைப்பை மெதுவாக அழுத்தியபோது கோடுகளின் எண்ணிக்கை குறைந்தது. விட்டதும் திரும்பின (வீடியோவில் உள்ளது). ஆகவே இந்தப் பழுது அந்தப் பிலிமின் பிணைப்பு விட்டதால் ஏற்பட்டது என்பது என் கருத்து. வெளித் தாக்குதலுக்கோ திரவம் புகுந்ததற்கோ தடயம் காணப்படவில்லை.”

அழுத்தும்போது கோடு மாறுவதுதான் இதில் வலுவான சான்று. விரிந்த கண்ணாடியின் கோடு பிணைப்பை அழுத்துவதால் இப்படி வந்து போகாது. இந்தச் சோதனையைப் பழகிய கைதான் செய்ய வேண்டும். நாமே அழுத்திப் பார்த்தால் நல்ல இணைப்பும் போய்விடும்.

அறிக்கையின் கடைசியில் டெக்னீஷியனின் பெயர், படிப்பு (ஐ.டி.ஐ., டிப்ளமோ போன்றவை), தொழிலில் எத்தனை ஆண்டு, ஆய்வு செய்த நாளும் இடமும், கையெழுத்து, தொடர்பு எண் ஆகியவை வேண்டும். ஆய்வுக் கட்டணத்துக்கு ரசீதும் வாங்குங்கள். பின்னால் அந்தச் செலவையும் கேட்கலாம். ‘உறுதியாக இது உற்பத்திக் குறைபாடு’ என்று தெரியாததை எழுதச் சொல்லாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும்போது அந்த மிகை அறிக்கை முழுவதையும் கீழே இழுத்துவிடும்.

ஆய்வுக்குப் பின் டி.வி.யை அப்படியே வையுங்கள். வேறிடத்தில் பேனலை மாற்றி, பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால், இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

காகிதங்கள் எதை நிரூபிக்க வேண்டும்?

அறிக்கை ‘எப்படிக் கெட்டது’ என்பதைச் சொல்கிறது. ‘இந்தப் பொருள், இந்தத் திட்டத்தில், இந்தத் தேதியில் பாதுகாக்கப்பட்டிருந்தது’ என்பதைச் சொல்ல வேண்டியவை வாங்கிய ஆவணங்கள். பில்லிலும், வாரண்டிச் சான்றிதழிலும், டி.வி.யின் முதுகிலும் இருக்கும் சீரியல் நம்பர் மூன்றும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். கடையில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியிருந்தால், திருத்தக் கடிதம் வாங்கிவிடுங்கள். சண்டை முற்றிய பிறகு அதே கடை அதைத் தரத் தயங்கும்.

பில் தொலைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வியாபாரி தன் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். போன் நம்பரையும் தேதியையும் சொல்லி நகல் கேளுங்கள். வெப்பத் தாளில் அச்சான பில் வெளுத்துப்போகும் என்பதால் வாங்கிய அன்றே நகல் எடுப்பது நல்லது.

அடுத்தது, பலர் தூக்கிப் போட்டுவிடும் ஒரு தாள்: டி.வி.யைச் சுவரில் மாட்டிய நாளின் இன்ஸ்டலேஷன் சீட்டு. மாட்டியது கம்பெனி ஆள், மாட்டியபோது திரை நன்றாக இருந்தது, அதன்பின் டி.வி. இடம் மாறவில்லை என்பவற்றுக்கு அதுவே ஆதாரம். 2 ஆண்டு 10 மாதம் ஒரே சுவரில் நன்றாக ஓடிய திரையில் கோடு ஒவ்வொன்றாகக் கூடியது என்ற வரலாறும், டெக்னீஷியன் சொல்லும் காரணமும் ஒன்றையொன்று தாங்கும். கோடு வளர்ந்ததைக் காட்ட, முதல் நாளே எடுத்த படங்களை அந்தப் போனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றிவந்த நகலில் படம் எடுத்த தேதி தங்காது.

புகார் எண் வந்த குறுஞ்செய்தியும் முக்கியம். இழுபறியில் அக்டோபர் 17 தாண்டிவிட்டால், ‘திட்டம் முடிந்துவிட்டது’ என்பார்கள். பழுது தோன்றியதும் புகார் பதிந்ததும் ஆகஸ்ட் 9 என்று அந்தச் செய்தி நிறுத்தும்.

பதில் கடிதம்

கடிதம் யாருக்கு என்பதில் கவனம் தேவை. டி.வி. செய்தது ஒரு நிறுவனம், விற்றது கடை, கூடுதல் வாரண்டியை நடத்துவது பெரும்பாலும் மூன்றாவது ஒரு நிறுவனம். மறுத்தவருக்கு எழுதி, கடைக்கு நகல் அனுப்புங்கள். மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதை வையுங்கள். கோபம் ஒருவரிகூட வேண்டாம். வாசகம் இப்படி இருக்கலாம்:

“16.08.2024 அன்று ‘பிசிகல் டேமேஜ்’ என்று என் கோரிக்கையை மறுத்துள்ளீர்கள். சேதம் எந்த இடத்தில், எந்த வகையில் உள்ளது என்பதை உங்கள் ஜாப் ஷீட் சொல்லவில்லை. இணைத்துள்ள ஆய்வறிக்கையின்படி தாக்குதலுக்கோ திரவத்துக்கோ தடயம் இல்லை. பழுது பிலிம் பிணைப்பில் உள்ளது. ஆய்வுக்கு உங்களை அழைத்தும் யாரும் வரவில்லை. ஆகவே, (1) உங்கள் டெக்னீஷியன் எடுத்த படங்களையும் முழு அறிக்கையையும், (2) எந்த விதியின் கீழ் மறுத்தீர்கள் என்பதையும் தெரிவிக்கவும். அல்லது (3) மறுஆய்வு செய்து, திட்டத்தின்படி பேனலை மாற்றித் தரவும். 15 நாளுக்குள் பதில் இல்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

முதல் கோரிக்கையில்தான் பலம் இருக்கிறது. அவர்கள் எடுத்த இரண்டு படத்தில் விரிசல் இருந்தால் உடனே அனுப்புவார்கள். இல்லாவிட்டால் மறுஆய்வுக்கு ஆள் அனுப்புவதே அவர்களுக்கு எளிய வழி. இந்த இடத்திலேயே முடிவை மாற்றிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. சில, ‘நல்லெண்ணத் தள்ளுபடி’ என்று பாதி விலைக்குப் பேனல் தர முன்வரும். ஏற்பது உங்கள் விருப்பம். ஆனால் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற தாளில் கையெழுத்திட்டால், மீதியைப் பிறகு கேட்பது மிகக் கடினம்.

அதற்கும் அசையாவிட்டால்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதிகாரம் உள்ள இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மறுப்பு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்தே தீர்ப்பளிக்கும். ஆகவே டெக்னீஷியனிடமும் தன் அறிக்கையை உறுதிசெய்து ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி இணையுங்கள். இரு தரப்பு டெக்னீஷியன்களும் நேரெதிராகச் சொன்னால், சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிட முடியும். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டவேண்டி வரலாம். பேனலை அப்படியே வைத்திருக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அங்கே எழும். 2007-இல் ஒரு நகைக்கடைக் காப்பீட்டு வழக்கில், விலக்கு விதியைக் காட்டிப் பணம் தர மறுக்கும் காப்பீட்டு நிறுவனமே அந்த விதி பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடுதல் வாரண்டி எல்லா நேரமும் காப்பீடு அல்ல. ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி, பிறகு விலக்கு விதியை நீட்டும் எவருக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று வாதிடலாம். ‘சேதம்’ என்று வெறும் சொல்லை வைத்திருப்பவருக்கும், பன்னிரண்டு படங்களோடு அறிக்கை வைத்திருப்பவருக்கும் இடையே அந்த வாதம் எந்தப் பக்கம் சாயும் என்பது வெளிப்படை.

வென்றாலும் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் திட்டத்தின் விதிகளில் முன்பே பாருங்கள். பழுது நீக்க முடியாதபோது வாங்கிய விலையில் ஆண்டுக்கு இவ்வளவு என்று கழித்துத் தருவதாகப் பல திட்டங்கள் சொல்கின்றன. மூன்றாம் ஆண்டில் ₹58,000 முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்த்துக் கேட்டால், நியாயமான கோரிக்கையும் பேராசைபோலத் தோன்றும். பேனல் மாற்றம், அல்லது விதிப்படியான மதிப்பு. அதோடு ஆய்வுச் செலவு, அலைக்கழிப்புக்கு இழப்பீடு என்று அளவாகக் கேளுங்கள். எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு ரசீதோ ஒரு விதியோ இருக்கட்டும்.